அழகைக் கண்ணிடம் விட்டுவிடலாமா?

1930ஆம் ஆண்டு ஜூலை 14 அன்று, பெர்லினுக்கு அருகிலுள்ள கபூத் என்னும் சிற்றூரில் ஐன்ஸ்டீனின் வீட்டில் இரவீந்திரநாத் தாகூர் அவரைச் சந்தித்து உரையாடினார். மனிதரைச் சாராத உண்மை ஒன்று உண்டா என்பதே பேச்சின் மையம். இல்லை என்றார் தாகூர். உண்மையும் அழகும் மனிதனைச் சார்ந்தே நிற்கின்றன என்பது அவர் நிலை. அப்படியானால் உலகில் மனிதர்களே இல்லாமற் போய்விட்டால் வாத்திகனிலுள்ள அப்போலோ சிலை அழகாக இராதா என்று ஐன்ஸ்டீன் வினவினார். இராது என்று பதில் வந்தது. அழகைப் பொறுத்தவரை தமக்கும் அது உடன்பாடே என்ற ஐன்ஸ்டீன், உண்மையைப் பொறுத்தவரை உடன்படவில்லை. மனிதர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உண்மை உண்மையே என்பதில் அவர் இறுதிவரை அசையவில்லை.

அந்தத் தாகூர் நம் பகுதிக்கு அந்நியர் அல்லர். 1919 பிப்ரவரியில், அன்றைய சித்தூர் மாவட்டத்து மதனபள்ளியில், பெசன்ட் தியசாபிகல் கல்லூரியின் முதல்வராக இருந்த ஜேம்ஸ் கசின்ஸின் விருந்தினராகத் தங்கியிருந்தார். 'ஜன கண மன' பாடலை ஆங்கிலத்தில் பெயர்த்ததும் அங்கேதான். ஆனால் இக்கட்டுரை தாகூரைப் பற்றியது அன்று. அந்த உரையாடலில் ஐன்ஸ்டீன் செய்த ஒரு விட்டுக்கொடுப்பைப் பற்றியது. பொருளுலகம் மனத்தைச் சாராதது என்று அத்தனை உறுதியாக நின்றவர், அழகை மட்டும் ஒரு வாக்கியத்தில் எதிர்த்தரப்புக்குக் கொடுத்துவிட்டார். நம் தோழர்களில் பெரும்பாலோரும் அதையே செய்கிறோம். உலகம் புறநிலையானது என்பதை மறுத்தால் வாதிட எழுவோம். அழகு பார்ப்பவர் கண்ணில் இருக்கிறது என்றால் தலையசைத்துவிட்டுத் தேநீர் அருந்தப் போய்விடுவோம். அது அவ்வளவு எளிதில் விட்டுவிடத்தக்க விஷயம் இல்லை என்பது என் கருத்து.

முதலில் ஒரு திருத்தம். தாகூர் சொன்னது "ஒவ்வொருவர் கண்ணுக்கும் ஒவ்வோர் அழகு" என்பதில்லை. அவர் பேசிய மனிதன், மானுடம் முழுவதையும் தன்னுள் கொண்ட பெருமனிதன். தனிமனிதரின் விருப்பு வெறுப்புகளைக் கடந்த ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது; அதை அவர் ஆன்மிகத்தில் தேடினார். இன்று கடைத்தெருவில் புழங்கும் "பார்ப்பவர் கண்" வாதத்தை அவர் பெயரில் எழுதிவைப்பது நியாயமாகாது. கடைத்தெரு வாதம் வேறு. ஆளுக்கோர் உணர்ச்சி, எந்த உணர்ச்சியும் தவறாகாது, எனவே இதில் பேச ஒன்றுமில்லை என்பது அது.

இனி, கடைத்தெருவுக்கே போவோம். திருப்பதியிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தொலைவுக்குள் இருக்கிறது ஸ்ரீகாளஹஸ்தி. சொர்ணமுகி ஆற்றங்கரை ஊர். அங்கே துணியில் எழுதுகோலால் சித்திரம் தீட்டும் கலம்காரி இன்றும் நடக்கிறது. தெலுங்கில் அதற்கு 'வ்ராதபனி' என்று பெயர். எழுத்துவேலை என்று பொருள். ஓவியத்தை 'எழுதுதல்' என்று சொல்வது நம் பழந்தமிழ் வழக்குந்தான் என்பதால் எனக்கு அச்சொல் மிகவும் பிடிக்கும். மசூலிப்பட்டினத்துக் கலம்காரி மர அச்சுகளைக் கொண்டு ஒற்றப்படுவது. காளஹஸ்தியுடையது கையால் எழுதப்படுவது. இரண்டும் நேர்மையான தொழில்களே. குழப்பம் வேறிடத்தில் இருக்கிறது. அதற்கு முன் அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். நம் கேள்விக்கான விடையில் பாதி அந்த வேலைக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் காடாத் துணியை நன்கு அலசிக் கஞ்சியைப் போக்குகிறார்கள். பிறகு கடுக்காய்ப் பொடியும் எருமைப் பாலும் கலந்த நீரில் அதை ஊறவைத்துப் பிழிந்து வெயிலில் உலர்த்துகிறார்கள். பாலும் கடுக்காயும் ஆளுக்கொரு வேலை செய்கின்றன. பாலிலுள்ள கொழுப்பு, எழுதும்போது மை பரவிக் கசியாமல் தடுக்கிறது. கடுக்காயின் துவர்ப்பு நூலிழையில் ஏறி, அடுத்து வரப்போகும் இரும்புக்காகக் காத்திருக்கிறது. துருப்பிடித்த இரும்புத் துண்டுகளை வெல்லமும் நீரும் கலந்து பானையில் பல நாள் புளிக்கவைத்து வடித்தெடுக்கும் நீர்மந்தான் கறுப்பு மை. பானையில் இருக்கும்போது அது அவ்வளவு கறுப்பு இல்லை. கடுக்காய் ஏறிய துணியைத் தொட்ட கணத்தில் கறுக்கிறது. எழுதுகோல் என்பது ஒரு மூங்கிற்குச்சி. அதன் நுனிக்குச் சற்று மேலே கம்பளி அல்லது துணியைச் சுற்றி நூலால் கட்டியிருக்கும். அந்தப் பொதி மையைக் குடித்துவைத்துக்கொள்ளும். விரலால் மெல்ல அழுத்த அழுத்த நுனிக்கு மை இறங்கும்.

புளியங்குச்சிக் கரியால் போட்ட முன்வரைவைத் தட்டிவிடலாம். ஆனால் இரும்பு மையால் போட்ட கோட்டை அழிக்க வழியில்லை. இரும்பும் துவர்ப்பும் சேர்ந்து இழைக்குள்ளேயே கறுப்பாகிவிடுகின்றன. எனவே ஒரு தேவியின் கன்னக் கோட்டை இழுக்கும் கை, இடையில் நின்றுவிடாமல், தயங்காமல், அழுத்தத்தை ஏற்றியும் குறைத்தும் ஒரே ஓட்டத்தில் செல்ல வேண்டும். தயங்கினால் அந்த இடத்தில் மை தேங்கிக் கோடு கொழுத்துவிடும்.

சிவப்பு வருவது இன்னும் வியப்பானது. சிவப்பு நிறத்தை யாரும் துணியில் பூசுவதில்லை. எங்கெல்லாம் சிவப்பு வேண்டுமோ அங்கெல்லாம் படிகார நீரைப் பூசுகிறார்கள். படிகார நீர் தெளிவானது, பூசிய இடம் தெரியாது என்பதால் கண்ணுக்குப் புலப்படும் அளவுக்கு மட்டும் அதில் ஏதேனும் நிறம் கலந்துகொள்வார்கள். உலர்ந்து ஊன்றியபின், துணியை ஓடும் நீரில் அலசி, மஞ்சிட்டி அல்லது சாயவேர் போட்டுக் கொதிக்கும் பாத்திரத்தில் முக்கினால், படிகாரம் உள்ள இடங்கள் மட்டும் சிவப்பைப் பற்றிக்கொள்கின்றன. மற்ற இடங்களில் ஒட்டிய மெல்லிய சாயத்தை நீர் தெளித்தும் வெயிலில் காயவைத்தும் வெளுக்கிறார்கள். பிறகுதான் மஞ்சளும், அவுரி நீலமும், நீலமும் மஞ்சளும் சேரும் பச்சையும்.

இதில் ஓடும் நீர் என்பது சடங்கு அன்று. தேங்கிய நீரில் அலசினால், துணியை விட்டு நீங்கும் மிகைப் படிகாரம் பக்கத்து வெள்ளைப் பகுதியில் போய் ஒட்டிக்கொள்ளும். சாயப் பாத்திரத்திலிருந்து துணி வெளியே வரும்போது உருவங்களைச் சுற்றிக் கலங்கிய செம்மை படிந்திருக்கும். சொர்ணமுகியில் நீரோட்டம் இருந்ததால்தான் இத்தொழில் அக்கரையில் ஊன்றியது. ஆண்டில் பல மாதங்கள் ஆறு மணலாகக் கிடக்கும் இன்றைய நிலையில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொண்டு சமாளிக்கிறார்கள். நீரின் உப்பும் தன்மையும் மாறினால் சாயத்தின் தன்மையும் மாறும்.

இப்போது கேள்விக்குத் திரும்பலாம். இந்தத் துணியின் அழகு எங்கே இருக்கிறது?

முழுவதும் கண்ணில் என்பவருக்கு ஒரு மறுப்பு உடனே கிடைக்கிறது. கோடு கொழுத்ததும், வெள்ளையில் செம்மை படிந்ததும் கண்ணின் கற்பனைகள் அல்ல. பயின்ற கண் அவற்றைக் காண்கிறது, பயிலாத கண் காணாமல் போகலாம். ஆனால் இரண்டு கண்களுக்கு முன்னும் இருப்பது ஒரே துணிதான். டேவிட் ஹியூம் 1757இல் ரசனையின் அளவுகோலைப் பற்றி எழுதியபோது டான் குயிக்ஸோட் கதையிலிருந்து ஒரு நிகழ்ச்சியை எடுத்தாண்டார். ஒரு பீப்பாய் மதுவைச் சுவைத்த இருவரில் ஒருவர் இதில் தோல் நெடி இருக்கிறது என்றார், மற்றவர் இரும்பு நெடி இருக்கிறது என்றார். ஊர் சிரித்தது. பீப்பாயைக் காலிசெய்தபோது அடியில் தோல்வார் கட்டிய ஒரு பழைய சாவி கிடந்தது. சாவி புறத்தே இருந்தது. நாக்கு அதைக் கண்டுபிடித்தது. இந்தக் கதை எனக்குப் பிடிக்கும், ஆனால் இது பாதித் தொலைவுதான் நம்மைக் கொண்டுசெல்கிறது. மதுவில் இரும்பு இருந்தது என்பது நிறுவப்பட்டது. அந்த மது நல்ல மதுவா என்பதை எந்தச் சாவியும் சொல்லாது. தேங்கிய நீரில் அலசிய துணி என்பதைக் கண்டுபிடிக்கலாம். வெள்ளைப் பரப்பு தெளிவாக இருப்பதுதான் அழகு என்று யார் சொன்னது?

அதுவும் ஒரு வரலாற்றுக் கேள்வியாகவே விடை பெறுகிறது. 17ஆம் நூற்றாண்டில் இந்தியச் சித்திரத் துணிகள் இங்கிலாந்துக்குப் போகத் தொடங்கியபோது, சிவந்த தரையில் அமைந்த வேலைப்பாடுகள் அங்கே எடுபடவில்லை. 1643இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் இந்தியாவிலிருந்த தம் அலுவலர்களுக்கு எழுதி, தரை வெள்ளையாகவும், பூவும் கொடியும் நிறத்திலும் இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். நம் கைவினைஞர்கள் அப்படியே செய்துகொடுத்தார்கள். அதாவது வாங்குபவரின் கண், பொருளை மாற்றியது. ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. அந்தத் துணிகள் போய்ச் சேர்ந்த அரை நூற்றாண்டுக்குள் ஐரோப்பியக் கண்ணே மாறிவிட்டது. துவைத்தாலும் வெளுக்காத சாயத்தையும், கொடிபோல் ஓடும் கோட்டையும் கண்டு பழகியவர்களுக்குத் தம் ஊர்க் கம்பளித் துணி கனத்ததாகவும் மங்கியதாகவும் தோன்றத் தொடங்கியது. 1686இல் பிரான்ஸ் அவற்றைத் தடைசெய்தது. 1700இலும் 1721இலும் இங்கிலாந்து சட்டம் இயற்றியது. 1719இல் லண்டனில் வேலையிழந்த நெசவாளர்கள், இத்தகைய துணி உடுத்திய பெண்களைத் தெருவில் மறித்து ஆடைகளைக் கிழித்தார்கள். அந்த நெசவாளர்கள் நம் வர்க்கத்தவர்கள். அவர்கள் பசி உண்மையானது. ஆனால் அவர்களில் எவரும் அத்துணி அழகில்லை என்று வாதிட்டதாகத் தெரியவில்லை. அழகாயிருந்ததுதான் அவர்களுக்கு வந்த கேடு.

மார்க்ஸ் 1857இல் எழுதிய முன்னுரைக் குறிப்புகளில் ஒரு கருத்தைச் சொல்கிறார்: உற்பத்தி என்பது மனிதருக்காகப் பொருளை மட்டும் ஆக்குவதில்லை, அப்பொருளுக்கான மனிதரையும் ஆக்குகிறது. கலைப்பொருள் தனக்கான ரசனையுள்ள மக்களை உருவாக்குகிறது. சோழமண்டலக் கரையின் துணிகள் ஐரோப்பாவில் செய்தது இதற்கு நல்ல சான்று. அதற்கு முன்னரே, 1844 கையெழுத்துப் படிகளில், ஐம்புலன்கள் உருவாகியிருப்பது இதுவரையிலான உலக வரலாறு முழுவதன் வேலை என்ற கருத்தை அவர் எழுதியிருந்தார். இசைக்குப் பழகாத செவிக்கு மிக நல்ல இசையும் இசையாகாது. கனிமங்களை விற்பவருக்கு அவற்றின் விலை தெரியும், அழகு தெரியாது. இதைப் படிக்கும் தோழர் சிலர், பார்த்தீர்களா, எல்லாம் கண்ணில்தான் என்று மார்க்ஸே சொல்லிவிட்டார் என்று முடித்துவிடுகிறார்கள். அவர் சொன்னது நேர்மாறு. கண் என்பது தனிச்சொத்து அன்று. அது வெளியிலிருந்து, உழைப்பால், பொருள்களால் ஆக்கப்பட்டது.

இங்கே மொழிபெயர்ப்பாளனின் தொல்லை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'புறநிலை' என்று நாம் எழுதும்போது, 'மனிதருக்குப் புறத்தே' என்ற பொருள் தானாக ஏறிக்கொள்கிறது. பாறையும் மழையும் அப்படிப்பட்டவை. ஆனால் ஒரு பண்டத்தின் மதிப்பு எப்படிப்பட்டது? துணியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாலும் மதிப்பின் ஓர் அணுவும் அகப்படாது. அதனால் மதிப்பு என்பது ஒவ்வொருவர் மனத்திலும் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறோமா? இல்லை. அது சமூக உறவு; எந்தத் தனிமனிதரின் விருப்பத்தையும் கேட்காமல் சந்தையில் நின்று நம்மை ஆட்டிவைக்கிறது. 1950களில் சோவியத் அழகியலாளர்களிடையே இது குறித்து நீண்ட விவாதம் நடந்தது. அழகு இயற்கைப் பொருளிலேயே இருக்கிறது என்றது ஒரு சாரார். ஸ்தோலோவிச் முதலானோர், அது புறநிலையானதே, ஆனால் சமூகவகைப்பட்ட புறநிலை என்றார்கள். அக்காலத்திலேயே சீனத்திலும் லி ஸெஹோ, சாய் யீ, ஸு குவாங்சியான் ஆகியோர் இதே கோடுகளில் பிரிந்து நின்று வாதிட்டார்கள்.

நான் ஸ்தோலோவிச் பக்கம். ஆனால் மதிப்போடு ஒப்பிடுவதில் ஓர் இடத்தில் கால் இடறும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. பரிவர்த்தனை மதிப்புக்குத் துணியின் உடல் பற்றிக் கவலையில்லை; அரிசியாயிருந்தாலும் இரும்பாயிருந்தாலும் அதற்கு ஒன்றே. அழகு அப்படியன்று. கோட்டின் இந்த வளைவும், சிவப்பின் இந்த ஆழமும் போய்விட்டால் அதுவும் போய்விடும். சமூகம் தன் விருப்பப்படி எதன்மேலும் அழகை ஏற்றிவைக்க முடியாது. உடல் இடங்கொடுக்க வேண்டும்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு எழுதிய உரைகளில் சுவை நான்காகப் பகுத்துப் பேசப்படுகிறது: சுவைக்கப்படும் பொருள், அது பொறியைத் தொடும்போது எழும் உணர்வு, அதனால் மனத்தில் படும் குறிப்பு, உடம்பில் வெளிப்படும் விறல். வேம்பு தனியாக ஓரிடத்திலும் நாக்கு தனியாக ஓரிடத்திலும் இருக்கும்வரை கசப்பு நிகழாது. அதற்காகக் கசப்பு நாவின் கற்பனை என்று அவர்கள் சொல்லவில்லை, வேம்பைத்தான் சுட்டினார்கள். செய்யுளியலில் இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. செய்யுளின் உறுப்புகளை அடுக்கும்போது அவற்றுள் ஒன்றாக 'நோக்கு' வைக்கப்பட்டிருக்கிறது. கேட்பவரை மேலே ஓடவிடாமல் நிறுத்தித் திரும்ப நோக்கச் செய்யும் அமைப்பு அது. நோக்குபவர் மனிதர், நோக்கச் செய்வது செய்யுள். பார்வையையே பொருளின் உறுப்பாகக் கணக்கிட்ட அந்த இலக்கணியை, ஐன்ஸ்டீனும் தாகூரும் பேசிய அறையில் உட்காரவைத்திருந்தால் பேச்சு வேறு திசையில் போயிருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

மறுபக்கத்தாரின் வலுவான வாதத்தையும் கேட்க வேண்டும். கலம்காரியே அதற்குச் சான்று தருகிறது. கோயிலுக்கும் தேருக்கும் எழுதப்பட்ட கதைத்துணிகள் ஆதரவிழந்து, 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காளஹஸ்தியில் இத்தொழில் அறிந்தோர் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிவிட்டனர். கமலாதேவி சட்டோபாத்யாயாவும் அகில இந்தியக் கைவினை வாரியமும் எடுத்த முயற்சியால் 1950களின் பிற்பகுதியில் அங்கே ஒரு பயிற்சி மையம் அமைந்ததால்தான் அது பிழைத்தது. ஜொன்னலகட்ட குரப்ப செட்டி 2008இல் பத்மஸ்ரீ பெற்றது அந்த மீட்சியின் தொடர்ச்சி. அப்படியானால், அழகு துணியில் இருந்திருந்தால், அதே துணி ஒரு தலைமுறைக்கு வேண்டாததாகவும் அடுத்த தலைமுறைக்கு அரும்பொருளாகவும் ஆனது எப்படி? கண்தானே மாறியது?

கண் மாறியது உண்மை. ஆனால் ஏன் மாறியது? முந்திய கண்ணைத் தாங்கியிருந்த உறவு, அதாவது எழுதச்சொல்லிப் பணித்த கோயிலும், திரையை விரித்துக் கதைசொன்ன மேடையும் குலைந்தது. ஆலைத்துணி மலிந்தது. பிறகு நகரத்து நடுத்தர வர்க்கம் என்னும் புதிய வாங்குநர் வந்தனர். இராமாயணக் காட்சிகள் குறைந்து, புடவை முந்தானையில் மயிலும் மரமும் பெருகின. இவற்றுள் எதுவும் தனிமனிதர் மனத்தின் விளையாட்டு இல்லை. தனிமனிதர் ரசனைதான் எல்லாம் என்றால் ஆயிரக்கணக்கான மனங்கள் ஒரே காலத்தில், ஒரே திசையில் ஏன் திரும்புகின்றன என்பதற்கு அவ்வாதத்தில் விடையே கிடையாது.

இதைத் துணியை விட்டு மனித முகத்துக்குக் கொண்டுபோனால் எவ்வளவு கொடுமையானது என்பது புரியும். சித்தூரிலும் திருப்பதியிலும் திருமண விளம்பரங்களைப் புரட்டுங்கள். சிவந்த மேனியைக் கேட்பவர் எவரும் சாதியையோ வர்க்கத்தையோ காரணமாகச் சொல்லமாட்டார். அது எங்கள் விருப்பம், எங்கள் கண் என்பார். ஒரே விருப்பம் இத்தனை லட்சம் கண்களில் தனித்தனியே முளைத்ததாம்! செர்னிஷெவ்ஸ்கி 1855இல் இதற்கு விடை எழுதிவிட்டார். வயலில் உழைக்கும் ருஷ்ய விவசாயிக்குக் கன்னம் சிவந்த, உடல் திடமான பெண் அழகி. உழைக்காமல் வாழும் சீமானுக்கு வெளிறிய முகமும் சிறுத்த கைகளும் அழகு. வெயில் படாத தோல் என்பது வேலை செய்யத் தேவையில்லாத வாழ்வின் அடையாளம். அந்த அடையாளத்தைத்தான் கண் அழகென்று படிக்கிறது. நம் நாட்டில் அதன்மேல் சாதியும் காலனியாட்சியும் படிந்தன. எதிர்ப்புகள் எழுந்தபின் 2020இல் ஒரு முகப்பூச்சு தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்னும் சொல்லை எடுத்துவிட்டது. விளம்பரக் கண் அப்படியே இருக்கிறது. "அழகு கண்ணில்" என்னும் வாதம் இங்கே கறுத்த பெண்ணுக்கு ஆதரவாக வருவதுபோல் தோன்றும். உண்மையில் அது, அவளை நிராகரித்த கண்ணைக் கேள்விக்கு அப்பாற்பட்டதாக ஆக்கிவிடுகிறது. ரசனையோடு வாதிட முடியாதல்லவா?

மறுபடியும் திருப்பதிக் கடைக்கு வருகிறேன். யாத்திரிகர் கூட்டம் நிறைந்த தெருக்களில் கலம்காரி என்ற பெயரில் தொங்குவனவற்றுள் எத்தனையோ, ஆலையில் அச்சிட்டவை. கையால் எழுதிய ஒரு துணியைப் படமெடுத்து, கணினி வழியே அப்படியே அச்சடிக்கிறார்கள். பெயர் சொல்ல விரும்பாத ஒரு கடையில் இதைப்பற்றிக் கேட்டேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "ஐயா, பார்க்க அழகா இருக்குதா இல்லையா? அழகு பார்க்கிறவங்க கண்ணுல இருக்குது, எழுதினவன் கையிலயா இருக்குது?" என்றார். நல்ல கேள்வி. அதை மழுப்பாமல் எதிர்கொள்ள வேண்டும்.

அச்சுத்துணியில் அழகே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். காளஹஸ்திக் கை போட்ட வளைவு அதில் இருக்கிறது. புகைப்படத்தில் சிற்பத்தின் அழகு இருப்பதுபோல. ஏழைத் தொழிலாளி வீட்டுப் பெண் அதை வாங்கி உடுத்தினால் நான் முகஞ்சுளிக்க மாட்டேன். ஆனால் அவ்விரண்டும் ஒன்றல்ல என்பதைக் கண்ணே காட்டும், எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தால். ஒரே அச்சில் வந்த பத்து மயில்களும் பத்து மறு முதற்கொண்டு ஒன்றாயிருக்கும். கை எழுதிய பத்து மயில்கள் உடன்பிறப்புகள்போல் இருக்கும். கையெழுத்துக் கோடு தொடங்குமிடத்தில் செறிந்து, மை குறையக் குறைய மெலிந்து, மீண்டும் தோய்த்த இடத்தில் செறியும். துணியைத் திருப்பினால் இரும்புக் கறுப்பு பின்புறமும் ஊறியிருப்பதைக் காணலாம். மேற்பரப்பில் படியும் மலிவான அச்சில் பின்புறம் வெளிறிக் கிடக்கும். புதுத்துணியில் பாலும் கடுக்காயும் கலந்த ஒரு வாடை உண்டு. இவை ஒவ்வொன்றும் தனியே போதிய சான்றாகா. சேர்ந்து வந்தால் ஐயம் குறைவு. இவற்றை ஒருமுறை கண்டுகொண்ட கண், பிறகு பழைய கண்ணாகத் திரும்புவதில்லை. அழிக்க முடியாத மையில் தயங்காமல் சென்ற கோட்டைப் பார்க்கும்போது, அந்தத் தயங்காமையையும் சேர்த்தே அது பார்க்கிறது. கோட்டின் அழகில் அந்த உழைப்பு அடங்கியிருக்கிறது. கடைக்காரர் கேட்ட கேள்விக்கு என் பதில், ஆம், எழுதியவர் கையிலுந்தான் இருக்கிறது என்பதே.

அவரும் இதை அறியாதவர் இல்லை. வாங்க வருபவரிடம் இதே வணிக உலகம், காலத்தால் அழியாத பாரம்பரிய அழகு என்று பேசுகிறது. அப்போது அழகு பொருளில் இருக்கிறது, விலையும் அதற்கேற்ப ஏறுகிறது. எழுதியவரிடம் பேசும்போது, இன்றைக்கு வாடிக்கையாளர் கண்ணுக்கு இது பிடிக்கவில்லை, குறைத்துக்கொள் என்கிறது; அப்போது அழகு கண்ணுக்குக் குடிபெயர்ந்துவிடுகிறது. ஒரே துணி, ஒரே வாரம், இரண்டு தத்துவங்கள். எந்தத் தத்துவம் எந்த வாசலில் பேசப்படுகிறது என்பதைக் கூலிக் கணக்கு தீர்மானிக்கிறது.

ஸ்ரீகாளஹஸ்திக் கலம்காரிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அது ஊரின் பெயரைக் காக்கிறது. அச்சுத்துணி அப்பெயரில் விற்கப்படுவதைத் தடுக்க அதிகாரிகள் கடைகளுக்குப் போனால்தான் அதற்குப் பயன். குறியீட்டுக்குள்ளேயே இன்னொரு இடைவெளியும் இருக்கிறது. கோடு எழுதுபவர் ஒருவர்; படிகாரம் பூசி நிறம் நிரப்புபவர்கள் வேறு பலர், அவர்களில் பெண்கள் நிறைய. துணியில் கையொப்பம் இருந்தால் அது பெரும்பாலும் கோடெழுதிய ஆசானுடையது. அலசியவர், நிரப்பியவர் பெயர்கள் எங்கும் இல்லை. நம் கைவினைத் தொழிலாளர் அமைப்புகள் முன்வைக்க வேண்டிய கோரிக்கை ஒன்று இதில் இருக்கிறது: ஒவ்வொரு துணியோடும் செல்லும் சீட்டில் எழுதியவர், நிரப்பியவர், சாயமிட்டவர் பெயர்களும், அவரவர்க்குக் கிடைத்த கூலியும் அச்சிடப்பட வேண்டும். துணியை வாங்குபவர் கண் அந்தச் சீட்டையும் படிக்கட்டும்.